முதல் திரையில் எதை அமுக்குவது

அண்ணிக்கு வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. அண்ணன் "சரி" என்றான். அம்மா "வேன் வூட்டாண்ட வருமா?" என்றாள். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "சூப்பர் அண்ணி, அப்படியே ஒரு காபி" என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. காபி நன்றாக இருந்தது.

வேலை திருபுவனையில், தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில். மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவு. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அண்ணி வெளியே போகும் முதல் வேலை. எங்கள் வீடு பாகூர் தாண்டி, சோரியாங்குப்பம் போகும் வழியில், கரும்புக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து திருபுவனைக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் மாறி மாறி ஏறி, முதல் ஷிப்டுக்குக் கிளம்பினால் இரண்டாம் ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம். அதனால் அம்மா சட்டம் போட்டுவிட்டாள். "வேன் வாசல்ல வந்து ஏத்திக்கினு போவணும், வாசல்ல கொணாந்து எறக்கி வுடணும். ஒரு நாள் தவறுனாலும் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. அவர் எப்போது பேசினார்?

வேன் விடுபவர் வில்லியனூர் பாய். கடைவீதியில் பாத்திரக்கடை, கூடவே தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஆறு வேன்கள். இத்தனை வருஷம் யார் எந்த வேனில் என்பதை ஒரு நோட்டில் எழுதித் தொழிற்சாலைக்குக் கொடுத்துவந்தார். நோட்டில் "பாகூர் செல்வி, இன்னொரு செல்வி, கண்ணாடி போட்ட செல்வி" என்று இருந்ததைப் பார்த்துத் தொழிற்சாலைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இனி ஒவ்வொருவரும் தன் போனில் தானே பதிவு செய்து, வரும் எண்ணைப் போட்டு உறுதி செய்ய வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்தப் பட்டியல் வரவேண்டும். அதில் இல்லாதவர் திங்கட்கிழமை வேனில் ஏறக்கூடாது, கேட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் சளைத்தவரா? "ஆப்பே போட்டுர்லாம்" என்றார். போட்டும் விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் போன். முகத்தில் பத்தாவது பாஸான களை.

"பாப்பா, ஆப்புல முடிச்சிட்டேன். 'நன்றி'ன்னு கூட வந்துச்சி."

நான் அப்போது ஒரு சென்னைக் கம்பெனிக்காக ஏதோ ஒரு திரையில் ஒரு பொத்தானை எட்டுப் புள்ளி இடப்பக்கம் நகர்த்துவதா வேண்டாமா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அதுதான். ஆப்புகளின் திரையைப் பார்த்து, எங்கே நெருக்கடி, எங்கே குழப்பம், ஜனங்கள் எதைப் பார்த்து எதை அமுக்குவார்கள் என்று குறை சொல்வது. குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. "வாங்க, சீட்டு நம்பர் பாப்போம்" என்று அண்ணியின் போனை வாங்கினேன்.

சீட்டு நம்பர் இல்லை. பதிவே இல்லை. அதற்குப் பதிலாக அண்ணி தன் அம்மா வீட்டார், பால்காரர், மளிகைக்கடை, பள்ளிக்கூட டீச்சர், எங்கள் தெரு முழுக்க, இன்னும் கேஸ் சிலிண்டர் போடுபவர் உட்பட எல்லாருக்கும் வேன் ஆப்பை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். அதற்குத்தான் ஆப் நன்றி சொல்லியிருந்தது.

ஆப்பின் முதல் திரையைத் திறந்து பார்த்தேன். ஐயோ, அந்தக் கண்கொள்ளாக் காட்சி! மேலே "வருக வருக" என்று தங்க எழுத்தில். இடப்பக்கம் பாய் கைகூப்பி நிற்கிறார். வலப்பக்கம் பாயின் காலஞ்சென்ற அத்தா, அதாவது அப்பா, பின்னால் ஒளிவட்டத்தோடு. நடுவில் ஹெட்லைட் எரியும் வேன். வேனுக்கு அடியில் நெருப்பு. ஏன் நெருப்பு என்று கேட்காதீர்கள். கீழே ஐந்து வரிகள், ஒன்றின் தலையில் இன்னொன்று கால் வைத்தபடி. அதற்கும் கீழே தடிமனாகப் பச்சைப் பொத்தான், "நண்பர்களுக்குப் பகிரவும்". பக்கத்திலேயே நீலத்தில் "எங்களை அழைக்க", சிவப்பில் "நட்சத்திரம் கொடுக்க", ஆரஞ்சில் "நேர அட்டவணை". எல்லாவற்றுக்கும் கடைசியில், அத்தாவின் வேட்டி நுனியில் ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் "பதிவு".

பச்சையாகப் பெரிதாக இருப்பதை அமுக்காமல் வேறு எதை அமுக்குவார் அண்ணி? சாம்பலாக இருப்பது வேலை செய்யாத பொத்தான் என்று உலகத்து ஆப்பெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"தப்பு பண்ணிட்டனா பாப்பா?" என்றார். களை போய்விட்டது.

"நீங்க பண்ணல அண்ணி. எவனோ பண்ணிருக்கான். குடுங்க, நாளைக்கே போய் நாக்கப் புடுங்கிக்கற மாரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

அப்போதே அந்தச் சாம்பல் எழுத்தை அமுக்கி முடித்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். முயன்றோம். விரல் வைத்தால் பக்கத்தில் இருந்த "எங்களை அழைக்க" அமுங்கி பாய் வீட்டுக்குப் போன் போனது. மூன்றாவது தடவை பாயின் மனைவியே எடுத்து, "யாரும்மா நீ, உனக்கு இன்னாதான் வேணும்?" என்றார். அண்ணி பயந்துபோய்ப் போனை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டார்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். பாய் என்னைப் பாத்திரக்கடையின் மாடியில் உட்கார வைத்தார். பாயின் மகள் இருந்தாள். ஆப்பின் நிரலை எழுதியவள் அவள்தான். கெட்டிக்காரப் பெண், உள்வேலை எல்லாம் சுத்தம். "ஸ்கிரீன் மட்டும் நான் பண்ணலக்கா" என்று முதல் வாக்கியத்திலேயே கையைக் கழுவிவிட்டு ஒரு மனிதரைக் கண்ணால் காட்டினாள். அவர் கீழ்வீதியில் பேனர் கடை வைத்திருப்பவர், எல்லாருக்கும் பேனர் அண்ணன். வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவர் கைவரிசைதான். முப்பது அடி பேனரை ஆறு அங்குலப் போனுக்குள் மடித்துத் திணித்த மகானுபாவர்.

"வாங்க மேடம், படிச்சவங்க வந்து குறை சொல்லுங்க" என்றார். அந்த 'மேடம்' குத்தியது.

நான் சும்மா விடவில்லை. பாய் முன்னால் போனை ஐந்து விநாடி காட்டிவிட்டுத் திருப்பி வைத்தேன். "பாய், இன்னா பாத்தீங்க?"

"அத்தாவ."

"அப்புறம்?"

"என்னைய. அப்புறம்... பச்சையா ஒண்ணு."

"சீட்டுக்கு எங்க அமுத்தணும்?"

பாய் மேலே பார்த்தார், மகளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "அது எங்கியோ கீழ இருக்கும்மா" என்றார்.

மகள் தன் கணினியைத் திருப்பினாள். ஆப்பைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் செய்த முதல் காரியம் பகிர்வு. பாய்க்கு அதில் பெருமை வேறு: "பாத்தியாம்மா, எவ்ளோ பேர் அனுப்பிருக்காங்க!" அனுப்பியவர்கள் எல்லாம் எங்கள் அண்ணி மாதிரி சீட்டு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவர் முகம் விழுந்தது. பதிவு முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். ஆறு வேனுக்குப் பதினைந்து பேர் என்றால் டிரைவர்களுக்கே பேச்சுத்துணை போதாது.

அடுத்து பேனர் அண்ணனிடம் திரும்பினேன். "ஏண்ணா, ஒரு விரல் வைக்க எடம் வுட வேணாமா? ஏன் இப்படி அப்பி வெச்சிருக்கீங்க?"

"பேனருக்கு சதுர அடி கணக்குல துட்டு வாங்கறோம் மேடம். ஒரு கை எடம் வெறுமனே வுட்டுப் பாருங்க, 'இங்க எங்க சின்ன மாமனாரு போட்டாவ வெச்சிருக்கலாமே'ன்னு சண்டைக்கு வருவான். எடம் வுட்டவன் எங்க ஊர்ல பொழைக்க முடியாது."

"பேனர யாரும் அமுத்த மாட்டாங்கண்ணா. இத அமுத்தணும்."

"அது வாஸ்தவம்தான்" என்று தலையைச் சொறிந்தார். அவரை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வாய் நீண்டது. பந்தி இலையில் உப்பு எங்கே, கூட்டு எங்கே, பாயசம் எங்கே என்று இடம் இருக்கிறதே, எல்லாவற்றையும் நடுவில் கொட்டினால் யார் சாப்பிடுவார் என்று கேட்டேன். ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்களுக்கு நடுவே குறைந்த இடைவெளி, சேராதவற்றுக்கு நடுவே அதிக இடைவெளி. ஓரங்களில் நாலு பக்கமும் ஒரே அளவு விளிம்பு. கட்டைவிரல் அகலத்துக்குக் குறைந்த பொத்தான் கூடாது. ஒரு திரைக்கு ஒரு முக்கிய வேலை, அதற்கு ஒரே ஒரு நிறம் நிரப்பிய பொத்தான், மற்றதெல்லாம் வெறும் எழுத்து. சொல்லிக்கொண்டே போனேன். பாயின் மகள் எழுதிக்கொண்டாள். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அத்தா எங்கம்மா போவாரு?"

"'எங்களைப் பற்றி'ன்னு உள்ள ஒரு பக்கம் வெச்சி, முழுசா, பெருசா போட்டுர்லாம் பாய்."

"முதல் வேன் அவரு வாங்கனது" என்றார் மெதுவாக. பிறகு "சரி, உள்ள வெய்யி" என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் கல்நெஞ்சுக்காரி.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து புதுத் திரையை வரைந்தேன். பளிச்சென்று வெள்ளை. மேலே மெல்லிய கோட்டில் ஒரு வேன். கீழே "உங்கள் பயணம் இங்கே ஆரம்பம்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நல்ல விசாலமான வெள்ளை. அடியில் கருநீலத்தில் ஒரே பொத்தான், "தொடங்கு". அதன்கீழ் சிறிதாக "நேர அட்டவணை". என் பெரிய போனில் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி மங்கலாக்கிப் பார்த்தேன். பொத்தான் மட்டும் தனியாகத் தெரிந்தது. இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நாலு பேருக்கு வகுப்பெடுத்தவள் நான். வெளியூர்ப் பத்திரிகையில் போடலாம் போல இருந்தது. முதல் திரையின் அமைப்பு சர்வரிலிருந்து வருவதால் பாயின் மகள் மாற்றிய உடனே எல்லாப் போனிலும் மாறிவிடும். சனிக்கிழமை காலையில் மாற்றினாள். புதிதாக ஒரு அறிவிப்பும் போனது: "சீட்டு பதிவு செய்யாதவர்கள் இன்று மாலை ஆறு மணிக்குள் செய்யவும்."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "இப்ப சரியா வருமா பாப்பா?" என்றார்.

"கண்ண மூடிக்கினு அமுத்தலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு, பாய் வீட்டுப் பிரியாணிக்குக் கிளம்பினேன். திரையைக் காப்பாற்றியதற்கு விருந்து. வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். பேனர் அண்ணனும் வந்திருந்தார். அவருக்கு ஒரு துண்டு கறி அதிகமாக வைத்தபோதுகூடப் பெருந்தன்மையாக இருந்தேன்.

வீடு திரும்பும்போது மணி நாலரை இருக்கும். வண்டியை நிறுத்துவதற்குள் போன். பாயின் மகள்.

"அக்கா, காலைலேர்ந்து ஒரே ஒருத்தர்தான் பதிவு பண்ணிருக்காங்க. பழைய ஸ்கிரீன்ல கூட ஒரு நாளைக்கு நாலஞ்சு பேர் வந்தாங்க."

"சனிக்கிழமம்மா. வேலையா இருப்பாங்க."

"தெறக்கறாங்கக்கா. தெறந்து வெச்சிட்டு அப்படியே இருக்காங்க. ஒருத்தரும் அமுத்தல."

நான் உள்ளே ஓடினேன். அண்ணி சமையலறை ஜன்னல் பக்கம் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பதிவு பண்ணிட்டீங்களா?"

"எங்க பாப்பா? உன் ஆப்பு காலைலேர்ந்து வந்துக்கினே கீது, முழுசா வர மாட்டேங்குது. வேன் வந்துடுச்சி, எழுத்து வந்துடுச்சி. மிச்சம் இன்னும் வர்ல. டவரு வர எடமா பாத்து ஜன்னலாண்ட வெச்சிருக்கேன்."

போனைப் பார்த்தேன். எனக்குக் காது சூடானது.

அந்தப் போனில் எழுத்து அளவு உச்சத்தில் இருந்தது. அது பேருக்குத்தான் அண்ணியுடைய போன். சாயங்காலம் அம்மா அதில் கோயில் செய்தி படிப்பாள், அதனால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். என் அழகான ஒற்றை வரி அங்கே நாலு வரியாகப் பெருத்து நின்றது. அதற்குக் கீழே என் விசாலமான வெள்ளை. அதோடு திரை முடிந்தது. பொத்தான் திரைக்கு அடியில், மேலே தள்ளிப் பார்த்தால் மட்டும் தெரியுமிடத்தில். தள்ளிப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்காத சின்னப் போன்களிலும் இதே கதிதான். எங்கள் பக்கத்தில் டவர் சரியில்லாததால் எந்தப் படமும் மேலிருந்து கீழே மெதுவாகத்தான் இறங்கும். கீழே வெள்ளையாக இருந்தால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் இங்கே எல்லாருக்கும் அர்த்தம். பனித்திட்டிலிருந்து சோரியாங்குப்பம் வரைக்கும் அத்தனை பெண்களும் என் வெள்ளையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரியாணி தின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு இதெல்லாம் தெரியாதா? சின்னப் போனில் பார், பெரிய எழுத்தில் பார், மெதுவான இணைப்பில் பார் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள். பக்கத்து அறையில் இருந்த போனை ஒரு தடவை வாங்கிப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானோ அடுத்தவன் கூடத்தைக் கோணல் என்று இடித்துவிட்டுச் சுவரே இல்லாமல் கட்டியிருந்தேன்.

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "ஆறு மணிக்குள்ள இல்லன்னா வேன் கெடையாதுன்னாங்களே. இல்லன்னா வுட்டுடு. வூட்ல வேலையா இல்ல?"

அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கை மட்டும் வேகமானது. திங்கட்கிழமைக்கு என்று அவர் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டு டப்பா, புதுச்செருப்பு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். டப்பாவை இரண்டு தடவை கழுவிக் காயவைத்திருந்தார்.

பாயின் மகளையும் பேனர் அண்ணனையும் ஒரே அழைப்பில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். பேனர் அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ள வுட்டது தப்பில்லம்மா" என்றார். 'மேடம்' போய்விட்டிருந்தது. "நாங்க கல்யாண பேனர் கட்டுவோம் பாரு, முக்கு திரும்பற எடத்துல ஒரு அம்புக்குறி தனியா கட்டுவோம், 'மண்டபம் செல்லும் வழி'ன்னு. மாப்ள மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல, அந்த அம்பு மறையக் கூடாது. மறஞ்சா பொண்ணு வூட்டு ஜனம் வேற மண்டபத்துல போய்ச் சாப்ட்டுட்டு வந்துரும். உன் பட்டன அந்த மாரி கட்டு. எழுத்து பெருசானாலும் சிறுசானாலும் அது நவுரக் கூடாது."

முழுத் தொழில்நுட்பமும் அவ்வளவுதான். பொத்தானைத் திரையின் அடி விளிம்போடு பொருத்திவிட்டால், மேலே இருப்பது எவ்வளவு நீண்டாலும் அது இடம் மாறாது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நகரும். மகள் அப்போதே தட்டத் தொடங்கினாள். வேன் படத்தை மூன்றில் ஒரு பங்காக்கச் சொன்னேன். "உங்கள் பயணம் இங்கே ஆரம்பம்" என்ற கவிதையைத் தூக்கி எறியச் சொன்னேன்.

"பட்டன்ல 'தொடங்கு' அப்படியே இருக்கட்டுமாக்கா?"

அண்ணியைக் கேட்டேன். "'தொடங்கு'ன்னு இருந்தா அமுத்துவீங்களா?"

"இன்னாத்த தொடங்கறது? வேனயா?"

மணி ஐந்து இருபது. எனக்கு எரிச்சல், என்மேல்தான், ஆனால் வழக்கம்போல் அண்ணிமேல் இறங்கியது. "பின்ன உங்களுக்கு இன்னாதான் அண்ணி வேணும்? சொல்லுங்க!"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கு வேன்ல சீட்டு வேணும் பாப்பா" என்றார். "வேற இன்னா கேட்டேன் நான்?"

"அக்கா," என்றாள் போனில் மகள், "அதயே போட்டுடறேன்."

ஐந்து முப்பத்தைந்துக்குப் புதுத் திரை வந்தது. சின்ன வேன். நாலு வார்த்தை. அடியில் திரையின் முழு அகலத்துக்கு, அம்மா வைத்த ராட்சச எழுத்தில், கருநீலத்தில்: எனக்கு வேன்ல சீட்டு வேணும்.

நான் அவசரத்தில் போனைப் பிடுங்கினேன். "குடுங்க அண்ணி, நானே அமுத்திடறேன்."

அண்ணி விடவில்லை. பத்து வருஷத்தில் என் கையிலிருந்து எதையும் அவர் இழுத்ததில்லை, அன்று இழுத்தார். "நீ அமுத்துனா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா 'நீதான அனுப்புன'ன்னு அத்த உன்னத் திட்டும். வேணாம்."

அந்த அத்தை, என் அம்மா, கதவருகில்தான் நின்றாள். அவளுக்கென்றே பெரிதாக்கிய எழுத்தாயிற்றே, அவ்வளவு தூரத்திலிருந்தே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "எனக்கு... வேன்ல... சீட்டு வேணும்." படித்து முடித்துவிட்டு, "யாருக்கு வேணுமாம்?" என்றாள்.

அண்ணி நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார்.

"எனக்குதான் அத்த."

சொல்லிவிட்டு அமுக்கினார். கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அமுக்கினார். அவ்வளவு அழுத்த வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. பேர் போட்டார், ஊர் போட்டார். உறுதி எண் வர டவர் இல்லை. வெங்காயக் கையோடு வெளியே ஓடி, வாசலைத் தாண்டி, மோட்டார் கொட்டகை மேட்டில் ஏறி நின்றார். எண் வந்த சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெங்காயமா என்று நான் கேட்கவில்லை.

"பதினாறாம் நம்பர். ஜன்னலோரம்."

அம்மா உள்ளே போய், அண்ணி பாதியில் விட்டிருந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். மன்னிப்பு என்றோ சம்மதம் என்றோ நான் அதற்குப் பேர் வைக்க மாட்டேன். சோறு ஆகவேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மகள் அழைத்து, பதிவுகள் மளமளவென்று வந்ததாகவும் ஒரு வேன் நிரம்பியே விட்டதாகவும் சொன்னாள். பின்னால் பாயின் குரல், "அத்தா படத்த நாளைக்கு உள்ள போட சொல்லும்மா, மறந்துடாத" என்றது. மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வடிவமைத்தேன். நாலு பக்கமும் நல்ல இடம் விட்டு, ஒளிவட்டத்தோடு. நெருப்பு மட்டும் கிடையாது.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அண்ணி ஏறினார். ஜன்னல் வழியே கையசைத்தாரா என்று கேட்டால், இல்லை. பக்கத்து சீட்டுப் பெண்ணோடு அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். வேன் கரும்பைத் தாண்டித் திரும்பியது.

நான் உள்ளே வந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். காபி வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அடுப்படிக்குப் போனேன். அலமாரியில் இருபது டப்பாக்கள், எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர், எதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒன்றைத் திறந்தால் கடுகு, இன்னொன்றில் வெந்தயம், மூன்றாவதில் அம்மாவின் மாத்திரை. ஊரான் திரையில் பொத்தான் தெரியவில்லை என்று மாடியேறிச் சண்டை போட்டவளுக்குச் சொந்த வீட்டில் சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். வேன் சத்தம், சிரிப்புச் சத்தம்.

"அண்ணி, சக்கர எங்க கீது?"

"மேல் தட்டு பாப்பா, இடமிருந்து நாலாவது. மூடி டைட்டா இருக்கும், நல்லா அமுத்தித் தொற." கொஞ்சம் நிறுத்தி, "அத்தைக்கும் ஒரு டம்ளர் போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.